சடசடவா, சோவா? மழை, காலடி, அடுக்களை: ஒலிச்சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பை செம்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ் எழுதப் பழகும் ஒரு சின்ன வகுப்பு நடத்துகிறேன். தாராவி, மாட்டுங்கா, முலுண்டிலிருந்து பிள்ளைகளும் வருகிறார்கள், அவர்களைக் கூட்டிவரும் பெற்றோர்களும் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் எல்லா நோட்டுகளிலும் ஒரே வரிதான்: 'மழை சடசடவென்று பெய்தது.' அதில் தொடங்கி இரண்டு மூன்று மழைக்காலமாக என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

மழை பெய்ததுன்னு எழுதினா போதாதா? சடசடன்னு வேற சேர்க்கணுமா?

பல இடங்களில் போதும். கதையில் மழை ஒரு தகவல் மட்டும் என்றால், அதாவது மழையால் ரயில் நின்றது, அதனால் அவன் தாமதமாக வந்தான் என்றால், ஒலி தேவையில்லை.

மழை பெய்தது என்பதற்கு மேல் ஒன்று சொல்ல வேண்டியிருக்கும்போதுதான் ஒலிச்சொல் வேலைக்கு வருகிறது. 'சடசடவென்று' என்றால் துளி பெரிது, விழும் இடம் கெட்டியானது, மழை இப்போதுதான் ஆரம்பிக்கிறது. 'சோவென்று' என்றால் தனித்தனித் துளி இனி காதுக்குத் தெரியாது, எல்லாம் ஒரே இரைச்சலாகிவிட்டது, பெய்யத் தொடங்கி நேரமாகிவிட்டது, கேட்பவர் பெரும்பாலும் கூரைக்குக் கீழே இருக்கிறார். 'நசநசவென்று' என்றால் தூறல், தரையெல்லாம் ஈரம், சொல்பவருக்கு அது பிடிக்கவில்லை. துளியின் அளவு, விழும் இடம், நேரம், கேட்பவர் நிற்கும் இடம், அவருடைய மனநிலை எல்லாம் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. இதையே பெயரடைகளால் சொல்லப் போனால் மூன்று வாக்கியம் ஆகும்.

அதனால் சடசடவை அலங்காரமாக நினைக்காதீர்கள். அது சாட்சி சொல்கிற சொல். காதால் கேட்டவர்தான் சாட்சி சொல்ல முடியும்.

எந்த மழைக்கு எந்தச் சொல்? ஒரு பட்டியல் கொடுங்களேன்.

பட்டியல் கொடுத்தால் அதைப் பார்த்துத்தான் எழுதுவீர்கள், ஜன்னலைப் பார்க்க மாட்டீர்கள். அதற்குப் பதில், மழை எதன் மேல் விழுகிறது என்று முதலில் கேளுங்கள். மழைக்கென்று தனி ஓசை கிடையாது. நாம் கேட்பது மழையும் இன்னொரு பொருளும் மோதுகிற ஓசை.

நம் ஊரில் ஒரே மழையை எத்தனை விதமாகக் கேட்கலாம் என்று பாருங்கள். தகரக் கூரையில் பெரிய துளி விழுந்தால் 'சடசட'. மே கடைசியில் கூரைகள் மேல் இழுத்துக் கட்டுகிற நீலத் தார்ப்பாயில் அதே துளி விழுந்தால் ஓசை மழுங்கிவிடும், 'தப் தப்' என்றுதான் கேட்கும். தார்ப்பாய் தொய்ந்து நடுவில் நீர் தேங்கி, யாராவது குச்சியால் கீழிருந்து தூக்கிவிட்டால் 'சளார்'. குடையில் 'படபட'. ஒழுகுகிற இடத்தில் வைத்த எவர்சில்வர் அடுக்கில் முதலில் 'ணங்', அதில் நீர் சேரச் சேர 'டொளக்'. இந்த மாற்றத்தை ஒருவர் எழுதிவிட்டால், இரவு எவ்வளவு நேரம் கழிந்தது என்று கடிகாரத்தைக் காட்டாமலே சொல்லிவிடலாம்.

இன்னொரு பக்கம், பதினான்கு மாடிக் கட்டடத்தில் ஐந்தாவது மாடியில் கண்ணாடி ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குச் சடசட கேட்க வாய்ப்பே இல்லை. தலைக்கு மேல் இருப்பது அடுத்த வீட்டுத் தரை. அவருக்கு மழை காட்சிதான். ஏசி பெட்டிக்கு மேல் தகடு அடித்திருந்தால் அதில் மட்டும் 'டக் டக்' கேட்கும். அடுக்குமாடிப் பிள்ளை சடசட என்று எழுதினால் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் தகரம் எங்கே இருக்கிறது?

படபட, படக், படார். மூணும் ஒண்ணுதானே?

இல்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இது பிடிபட்டால் பாதிச் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

மூன்றுக்கும் வேர் 'பட' என்ற ஒலிதான். இரட்டித்து 'படபட' என்றால் தொடர்ந்து நடக்கிறது: புறா சிறகடிக்கிறது, கடுகு வெடிக்கிறது. முடிவில் 'க்' வைத்து 'படக்' என்றால் ஒரே தடவை, சின்னதாக, சட்டென்று முடிந்துவிட்டது: பெட்டியைப் படக்கென்று மூடினாள். நெடில் வைத்து 'ர்' என்று முடித்து 'படார்' என்றால் ஒரே தடவைதான், ஆனால் பெரிதாக, அதிர்வு சுற்றிலும் பரவுகிறது: காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. வாயை வைத்தே சோதிக்கலாம். 'க்' சொல்லும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது, ஓசை அங்கேயே நிற்கிறது. 'ஆர்' சொல்லும்போது வாய் திறந்து ஓசை ஓடுகிறது.

இதே அச்சில் எத்தனை வார்த்தைகள் வருகின்றன பாருங்கள். குழாயிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று வரும், அடைப்பு நீங்கும் அந்த ஒரு கணம் குபுக்கென்று வரும், எண்ணெயில் தீப்பிடித்தால் குபீரென்று எழும். காய்ந்த இலையில் பாம்பு சரசரவென்று போகும், கத்தியை உறையிலிருந்து சரக்கென்று உருவலாம், பருந்து சரேலென்று இறங்கும். இதில் ஆர் இல்லை, ஏல். ஆனாலும் நெடில்தான், பரவுகிற ஓசைதான்.

எனக்கு மிகவும் பிடித்தது 'திடு'. திடுதிடுவென்று ஓடிவந்தார்கள். திடுக்கென்று விழித்தான், அதிலிருந்துதான் திடுக்கிட்டான். அப்புறம் திடீர். நாள் முழுக்கச் சொல்லும் 'திடீர்' என்ற சொல் இந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று சொன்னபோது வகுப்பில் ஒரு பையன் திடுக்கிட்டே போனான்.

எல்லா வேருக்கும் மூன்று வடிவமும் வராது. 'குடுகுடு' உண்டு, 'குடீர்' கிடையாது. 'சலசல' உண்டு, 'சலார்' சொல்லிப் பார்த்தால் வாய்க்கு ஒட்டவில்லை. வழக்கில் இருக்கிறதா என்று வீட்டில் பெரியவர்களிடம் சொல்லிக் காட்டுங்கள், முகத்திலேயே தெரிந்துவிடும்.

தப்பு நடக்கிற இடம் இதுதான்: ஒரே தடவை நடந்ததற்கு இரட்டித்த சொல்லைப் போடுவது. 'அவள் கதவைப் படபடவென்று சாத்தினாள்' என்று ஒரு நோட்டில் வந்தது. ஒரு கதவை ஒரு முறைதான் சாத்த முடியும். தட்டினாள் என்றால் சரி.

சலசல சேர்த்து எழுதணுமா, பிரிச்சா? டொக் டொக் மட்டும் ஏன் பிரிச்சு எழுதுறீங்க?

'சல' என்று தனியாக எடுத்தால் பொருள் இல்லை. இரட்டித்தால்தான் சொல். இதைத்தான் இரட்டைக்கிளவி என்கிறோம், 'இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா' என்று தொல்காப்பியம் சொல்வதும் இதையே. பிரிந்து ஒலிக்காது, அதனால் பிரித்து எழுதுவதும் இல்லை.

'டொக்' அப்படி இல்லை. ஒரு டொக் தனியாக நிற்கும்: மேலிருந்து தேங்காய் டொக்கென்று விழுந்தது. இரண்டு முறை கேட்டால் டொக் டொக், மூன்று முறை கேட்டால் டொக் டொக் டொக். எண்ணிக்கையே செய்தியாகிறது. ஆகவே இடம் விட்டு எழுதுகிறேன்.

'சொட்டு சொட்டாக' பார்க்க இரட்டைக்கிளவி மாதிரி இருக்கும், ஆனால் சொட்டு என்பதற்குத் தனிப் பொருள் உண்டு. அது இரட்டைக்கிளவி ஆகாது. பரீட்சையில் கேட்பார்கள்.

சடசடவென்றா, சடசட என்றா? அடுத்து ப் போடணுமா?

சேர்த்து எழுதினால் நடுவில் வ் வரும்: சடசட + என்று, சடசடவென்று. சோ + என்று, சோவென்று. பட் மாதிரி குட்டிச் சொல்லாக இருந்தால் ஒற்று இரட்டிக்கும், பட்டென்று. பளீர் இரட்டிக்காது, பளீரென்று.

அடுத்து வரும் ஒற்றில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 'என' போட்டால் வல்லினம் மிகும்: சடசடவெனப் பெய்தது. 'என்று' போட்டால் மிகாது: சடசடவென்று பெய்தது. 'சடசடவென்றுப் பெய்தது' தவறு. பேச்சில் வரும் 'சடசடன்னு' உரையாடலுக்குள் அப்படியே இருக்கலாம்.

நடந்தான், ஓடினான்னு எழுதறதுக்கும் குடுகுடுன்னு ஓடினான்னு எழுதறதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

ஆளையே காட்டிவிடும், அதுதான் வித்தியாசம். குடுகுடு என்றால் கால் சின்னது, அடி சின்னது, வேகம் அதிகம், உடம்பு பாரம் இல்லை. குழந்தைக்குப் பொருந்தும், ஒடிசலான கிழவருக்குப் பொருந்தும், முப்பது வயது போலீஸ்காரருக்குப் பொருந்தாது. பொருத்தினால் சிரிப்பு வரும், சிரிப்புக்காக வேண்டுமென்றே பொருத்தலாம்.

தடதட என்றால் பாரம் உண்டு, தரை அதிர்கிறது. மாட்டுங்காவில் பழைய கட்டடங்களில் மரப்படி இருக்கும், அதில் பையன்கள் இறங்கினால் தடதடதான். அதே பையன்கள் புதுக் கட்டடத்துப் பளிங்குப் படியில் இறங்கினால் தடதட வராது, செருப்பு மட்டும் 'டப் டப்' என்று அடிக்கும். திமுதிமு ஒரு ஆளுக்கு வரவே வராது. அது கூட்டம்: ரயில் நின்றதும் திமுதிமுவென்று இறங்குவார்கள்.

விடுவிடு, விறுவிறு இரண்டையும் பாருங்கள். இவற்றில் காதுக்கு எட்டும் ஓசை எதுவும் இல்லை, நடையின் போக்குத்தான் இருக்கிறது. விறுவிறு சுறுசுறுப்பு. விடுவிடு அப்படியல்ல, என் காதுக்கு அதில் கொஞ்சம் முறைப்பு உண்டு. யாரிடமும் பேசாமல், திரும்பிப் பார்க்காமல் போகிறவள்தான் விடுவிடுவென்று போகிறாள். 'கோபமாக நடந்து போனாள்' என்று எழுதியிருந்தால் கோபமாக என்பதை அடித்துவிட்டு விடுவிடு போட்டுப் பாருங்கள்.

செருப்பை மறக்காதீர்கள். ரப்பர் செருப்பு உலர்ந்த தரையில் சரக் சரக், நனைந்தால் சளக் சளக். இரண்டுக்கும் நடுவில் ஒரு மழை பெய்திருக்கிறது.

எழுதினதை எப்படித் திருத்தறதுன்னு ஒரு உதாரணம் காட்டுங்க.

தாராவியிலிருந்து வரும் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் எழுதியது இது. அவளிடமும் அம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன்.

'மழை சடசடவென்று கொட்டியது. அப்பா தடதடவென்று மேலே வந்தார். ஆச்சி மடமடவென்று தோசை வார்த்தாள். தோசை மொறுமொறுவென்று கமகமவென்று இருந்தது.'

இலக்கணத்தில் ஒரு பிழை இல்லை. ஐந்து ஒலிச்சொல் இருந்தும் வீடு அமைதியாக இருக்கிறது, எதுவும் கேட்கவில்லை. நான் அவளிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். மழை எப்போது ஆரம்பித்தது? சாயங்காலமே. அப்பா வந்தது எத்தனை மணிக்கு? பத்து. அப்படியானால் நாலைந்து மணி நேரம் பெய்த மழை. சடசட எப்போதோ முடிந்து சோ ஆகியிருக்கும் இல்லையா? ஆமாம், கூரை மேல் தார்ப்பாய் வேறு இருக்கிறது என்றாள்.

அப்பா எப்படி மேலே வருவார்? வெளியே இரும்பு ஏணி. இரும்பில் தடதட வருமா? யோசித்தாள். 'ணங்குன்னு கேட்கும் டீச்சர்.' மழை இரைச்சலில் கேட்குமா என்றேன். ஏணியைச் சுவரோடு சேர்த்து போல்ட் போட்டிருக்கிறார்களாம், யார் ஏறினாலும் சுவரே அதிரும். வேகமாக வருவாரா? இல்லை, நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை, மெதுவாகத்தான் வருவார். அப்புறம் அவளாகவே ஒன்று சொன்னாள்: மூன்றாவது படி ஆடும், அப்பா அதை மிதிக்காமல் தாண்டிவிடுவார், பக்கத்து வீட்டு மாமா மிதிப்பார், அதனால் வருவது அப்பாதான் என்று தெரியும்.

இவ்வளவு கையில் வைத்துக்கொண்டு தடதட என்று எழுதியிருக்கிறாள்! கடைசியில் மடமட. ஆச்சி அவசரப்பட்டாளா? இல்லை, கல் காயவே இல்லை, ஸ்டவ் சரியாக எரியவில்லை.

இரண்டாம் முறை அவள் எழுதியது:

'சாயங்காலத்திலிருந்து மழை சோவென்று பெய்துகொண்டிருந்தது. ஆச்சி தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். கல் காயவில்லை. வெளியே ஏணியில் ணங் என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு ணங். மூன்றாவது படி கேட்கவில்லை. அப்பா, என்றாள் தங்கை. ஆச்சி மறுபடியும் தண்ணீர் தெளித்தாள். சுர்ரென்றது.'

ஒலிச்சொற்கள் ஐந்திலிருந்து மூன்றாகக் குறைந்துவிட்டன, ணங்கை இரண்டு முறை சொன்னதைத் தனியாக எண்ணாவிட்டால். ஏணியின் இடைவெளியில் அப்பாவின் களைப்பு தெரிகிறது. கேட்காமல் போன மூன்றாவது படிதான் இதில் எனக்கு உயிர். நான் மாற்றியது ஒரு எழுத்துகூட இல்லை, கேள்வி கேட்டதோடு சரி.

சமையலை எழுதும்போது எது எதுக்கு என்ன சொல் போடறது? எனக்குச் சமைக்கவே தெரியாது.

தெரியாவிட்டால் அடுக்களையில் ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். சமைப்பவர்கள் பாதி வேலையைக் காதால்தான் செய்கிறார்கள், ஓசையைத் தவறாக எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மேலே வந்த தோசைக்கல்லையே எடுத்துக்கொள்வோம். கல் காயாமல் இருந்தால் தெளித்த தண்ணீர் பேசாமல் பரவி நின்று, மெல்லப் புகையும். பதமாகக் காய்ந்திருந்தால் சுர்ரென்று ஆவியாகிவிடும். அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டால் மறுபடியும் ஓசை குறைந்துவிடும்: அடியில் உண்டாகும் ஆவியே மெத்தை மாதிரித் தாங்க, துளி முத்தாக உருண்டு ஓடும். அந்தக் கல்லில் மாவு ஊற்றினால் தேய்க்க வராது, கரண்டியோடு சுருண்டு வரும். ஆக, 'சுர்' என்ற ஒரு சொல் அடுப்பின் சூட்டைச் சொல்கிறது. கல் பழுக்கக் காய்ந்திருந்தது என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் நல்ல தோசை வார்த்தால் தோசை சுட்டவர்கள் நம்ப மாட்டார்கள்.

தாளிப்பும் அப்படித்தான். கடுகுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகித் தோலை வெடித்துக்கொண்டு வருவதுதான் அந்த ஓசை. எண்ணெய் சூடாகாமல் போட்டால் சத்தமே வராது. சரியான சூட்டில் முதலில் 'பட்', ஒரு சின்ன இடைவெளி, இன்னொரு 'பட்', பிறகு எல்லாம் சேர்ந்து படபட, அப்புறம் ஓய்ந்துவிடும். ஓயும் நேரத்தில்தான் உளுத்தம்பருப்பு போடுவார்கள். கழுவின கறிவேப்பிலையை ஈரத்தோடு போட்டால் 'சடசட', பக்கத்தில் நிற்பவர் ஒரு அடி பின்னால் போவார். இந்த வரிசை ஒரு சின்னக் கதை மாதிரி, ஆரம்பம் உண்டு, உச்சம் உண்டு. இரண்டு பேர் பேசிக்கொள்ளும் காட்சியில் ஒருவர் சொல்லத் தயங்கும் விஷயத்தை இந்தப் படபட ஓயும் வரை தள்ளிப்போடலாம்.

கொதிப்பதற்குப் பொதுவான சொல் தளதள. உலைத் தண்ணீருக்கு, சாம்பாருக்குப் பொருந்தும். ரசத்துக்குப் போடாதீர்கள். ரசம் நுரை கட்டி வரும்போது இறக்க வேண்டியது. 'ரசம் தளதளவென்று கொதித்தது' என்று ஒரு அப்பா எழுதிக் கொண்டுவந்தார், வகுப்பில் இருந்த இரண்டு மாமிகளும் ஒரே குரலில் 'ஐயோ' என்றார்கள். கேழ்வரகுக் கூழ் மாதிரிக் கெட்டியானதிலும் தளதள வராது. பெரிய குமிழ் மெதுவாக எழுந்து 'புளக்' என்று வெடிக்கும், கையில் தெறித்தால் சுரீர்.

காய் நறுக்குவதைச் சொல்லாமல் விட முடியாது. 'நறுக்' என்று ஒலிக்கும் வேலைக்கே நறுக்குவது என்று பெயர். வெண்டைக்காயை நறுக் நறுக்கென்று நறுக்கினாள் என்று எழுதினால் ஒரே ஓசையை மூன்று முறை சொன்னதாகிவிடும். வினையே ஒலித்துக்கொண்டிருக்கும்போது தனி ஒலிச்சொல் வேண்டாம்.

கமகம, பளபள, மொறுமொறு இதெல்லாம் ஒலியா? வாசனைக்கு ஏது சத்தம்?

கமகமவில் சத்தம் இல்லை, பளபளவிலும் இல்லை. வடிவம் மட்டும் ஒலிச்சொல்லின் வடிவம். இசை, குறிப்பு, பண்பு என்று தொல்காப்பியர் மூன்றாகப் பிரித்துப் பேசுகிறார். காதுக்குக் கேட்பது இசை. மனத்துக்குப் படுவது குறிப்பு. கண், மூக்கு, தோலால் அறிவது பண்பு. சலசல இசை, விடுவிடு குறிப்பு, கமகம பண்பு என்று தோராயமாகச் சொல்லலாம்.

மொறுமொறு இரண்டு பக்கமும் நிற்கிறது. முறுக்கைக் கடித்தால் காதுக்கும் கேட்கிறது, பல்லுக்கும் தெரிகிறது. ஆனால் மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்தால் மறுநாள் அந்த முறுக்கு நமுத்துப்போயிருக்கும், அப்போது அது எந்தச் சத்தமும் போடாது. ஜூலையில் மும்பையில் நடக்கும் கதையில் மொறுமொறு முறுக்கு வந்தால் டப்பாவின் மூடி நல்ல மூடி என்று வைத்துக்கொள்கிறேன்.

இதெல்லாம் பேச்சு வழக்குதானே? இலக்கியத்தில் இப்படி எழுதுவார்களா?

சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. குறுந்தொகையில் 'குக்கூ என்றது கோழி' என்று ஒரு பாட்டு தொடங்கும். அடுத்த வரியில் அதற்கு எதிராகத் தலைவியின் நெஞ்சம் 'துட்கென்றன்று', அதாவது துணுக்குற்றது. வெளியே ஒரு ஓசை, உள்ளே அதற்குப் பதில் ஒரு ஓசை, இரண்டுமே ஒலிச்சொல். விடிந்துவிட்டது, பிரிய வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. புறநானூற்றில் ஒரு முதியவர் தன் இளமையை நினைக்கும்போது ஆழமான மடுவில் 'துடுமெனப் பாய்ந்து' மூழ்கிய நாளை நினைக்கிறார். துடும் என்று படித்ததும் நமக்கு நீர் தெறிக்கிறது.

இன்னொன்று, நடு இரவை 'நள்ளென்றன்றே யாமம்' என்று சொல்லும் குறுந்தொகைப் பாட்டு. ஊர் முழுக்கத் தூங்குகிறது, தூங்காதவள் ஒருத்திதான். அந்த நிசப்தத்துக்கே ஒரு ஒலிச்சொல்.

என் பையன் 'மழை ரிம்ஜிம்னு பெய்தது'ன்னு எழுதறான். தப்பா?

ரிம்ஜிம் இந்தி, மராத்தி இரண்டிலும் உண்டு, பள்ளிக்கூடத்திலும் பாட்டிலும் அதைத்தான் கேட்டு வளர்கிறான். மராத்தியில் கொட்டுகிற மழைக்குத் 'தோ தோ' என்பார்கள், நம் சோவுக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது பாருங்கள். பக்கத்து வீட்டு மராத்திக்காரப் பாட்டி பேசும் வரியில் அது வரட்டும், அழகாகவே இருக்கும். கதை சொல்பவரின் வரியில் நான் திருத்துவேன். ரிம்ஜிம் சொல்லும் மெல்லிய, இதமான மழைக்குச் சிலுசிலுவென்று காற்றோடு வந்த தூறல் என்று நம்மிடமே இருக்கிறது. நசநசவைப் போட்டால் இதம் போய்விடும்.

ஒரு பக்கத்தில் எத்தனை போடலாம்?

கணக்கு இல்லை. எழுதியதை உரக்கப் படியுங்கள், வாய் தாளம் போட ஆரம்பித்தால் அதிகம். அமைதியான இடத்தில் ஒன்று வந்தால் பத்துக்குச் சமம்.

அகராதியில் இல்லாத ஓசைக்கு நானே ஒரு சொல் பண்ணலாமா?

பண்ணலாம், தமிழில் இவை அப்படித்தான் வந்திருக்கும். சொல்லின் முதலில் ட வராது, ண வராது என்று இலக்கணம் சொல்கிறது, டொக்கும் ணங்கும் அதைக் கண்டுகொள்ளாமல் எப்போதோ உள்ளே வந்துவிட்டன. ஒரே நிபந்தனை: படிப்பவருக்கு விளக்கம் இல்லாமல் புரிய வேண்டும். புதுச் சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த வரியில் அது என்ன ஓசை என்று விளக்கினால் சொல் தோற்றுவிட்டது.

போன ஜூலையில் ஒரு பையன் கொண்டுவந்த வரி இது. நடைபாதையில் கல் பதித்திருப்பார்கள், அதில் ஒன்று மட்டும் ஆடும், மழையில் அதன் அடியில் நீர் நின்றிருக்கும், தெரியாமல் மிதித்தால் எதிர்ப்பக்கமாகப் பீய்ச்சி அடிக்கும். அவன் எழுதியிருந்தது: 'புது பேண்ட் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். எட்டாவது கல்லில் சொளீச்.'